சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரை

பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் எனக்கு ஒரு மெடிக்கல் ஷாப் இருந்தது. மருந்தாளுநர் படிப்பு இரண்டு வருடம் படித்து, கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் ஆறு வருடம் நின்று, அப்புறம் சொந்தமாக வைத்த கடை. நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னை டாக்டர் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லைங்க என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

என் அக்கா வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மச்சான் தொழிற்பேட்டையில் ஒரு நூல் சாயப்பட்டறையில் ஷேடு மாஸ்டர். வாங்குகிறவர்கள் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இந்த நிறம் வேண்டும் என்பார்கள். எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டு, சின்ன நூல்கண்டில் தோய்த்துப் பார்த்து, அந்தத் துண்டோடு ஒப்பிட்டு, சரி என்றால் டன் கணக்கில் நூல் தொட்டிக்குள் இறங்கும். அந்தச் சரி என்ற சொல் மச்சானுடையது. அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது, உள்ளே மூன்று விதமான விளக்குகள். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறம் கடை விளக்கில் ஒத்துப்போகாது என்பதை எனக்கு அவர்தான் ஒருமுறை காட்டினார். எனக்கு இரண்டு கண்டும் ஒரே பச்சையாகத் தெரிந்தன. "இதுல மஞ்சள் ஒரு பொட்டு தூக்கலா இருக்குதுங்க மாப்ளே, நல்லாப் பாருங்க" என்றார். பார்த்தேன். தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

அவருக்கு அப்போது நாற்பது வயது. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. கண்ணாடி போட்டதில்லை. அதிர்ந்து பேசமாட்டார். அந்த வருடம் பட்டறை, முதலாளியின் மகன் கைக்கு வந்திருந்தது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, முன்பு பதினைந்து நாளில் முடித்ததை எட்டு நாளில் முடிக்கச் சொன்னான். லேபில் மச்சானோடு இருந்த இரண்டு பேரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஷிப்டையும் அவரே பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டார். கருநீல நூல் ஒரு லாட் திரும்பி வந்தபோது, எல்லாரையும் நிற்கவைத்து அவரை மட்டும் கேள்வி கேட்டார்கள். வீட்டில் இதையெல்லாம் சொல்லமாட்டார். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "சாப்படறாரு, தூங்கறாரு, ஆனா ஆளு இங்க இல்லீடா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டு முடித்திருந்தோம். மச்சான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி வலது கண்ணைப் பொத்துகிறார், எடுக்கிறார், இடது கண்ணைப் பொத்துகிறார். நான் பார்ப்பதைக் கவனித்ததும் கையை எடுத்துவிட்டார். அக்கா பாத்திரத்தோடு பின்கட்டுக்குப் போனதும் மெதுவாகப் பேசினார்.

"ஏனுங்க மாப்ளே, ஒரு கண்ணுல மட்டும் நெறம் மங்குமுங்களா?"

"எப்படி மங்குதுங்க?"

"அந்தக் காலண்டர்ல சாமிக்குக் கட்டியிருக்கற சேலை. வலது கண்ணுல செவப்பு. இடது கண்ணுல பாத்தா தொவைச்சு வெளுத்த செவப்பு. நடுவால வட்டமா ஒரு அழுக்கு. வெயில்ல இருந்து உள்ள வந்தா அது இன்னும் கருக்கலாத் தெரியுது."

"எத்தனை நாளாங்க?"

"பத்து நாளு இருக்கும். அப்பறம், சொன்னா சிரிக்கப்படாது. இடது கண்ணுல பாத்தா எல்லாம் கொஞ்சம் சின்னதாத் தெரியுதுங்க. உங்க அக்கா மூஞ்சி கூட."

நான் சிரிக்கவில்லை. அக்கா மகளின் கணக்கு நோட்டு அங்கே கிடந்தது. கட்டம் போட்ட நோட்டு. காலியான ஒரு பக்கத்தைத் திருப்பி நடுவில் ஒரு புள்ளி வைத்து, இடது கண்ணால் மட்டும் அந்தப் புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். புள்ளியைச் சுற்றிக் கோடுகள் வளைந்து உப்பியிருக்கின்றன என்றார். விரலால் அந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டினார். ஒரு ரூபாய்க் காசு அளவு.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று சொல்லவும் செய்தேன். ஒரே ஒரு தடவை.

"லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. கண்ணுன்னு சொன்னா முடிஞ்சுதுங்க மாப்ளே. ஷேடு பாக்கறவனுக்குக் கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா அந்த எடத்துல இன்னொருத்தன் உக்காந்திருப்பான். நீங்களே ஏதாவது குடுங்க. உங்களுக்குத் தெரியாததா."

உங்களுக்குத் தெரியாததா என்று அவர் சொன்னது எனக்கு இனித்தது. அதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஒரு கண்ணில் பார்வை மங்கி, கோயம்புத்தூர் கண் டாக்டர் எழுதிய சீட்டோடு என் கடைக்கு வந்துகொண்டிருந்தார். பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு மாத்திரை. கண்ணுக்குப் பின்னால் நரம்பில் வீக்கம், இந்த மாத்திரைதான் வற்றவைத்தது என்று அவரே சொன்னார். மச்சானுக்கும் கோடு உப்பித் தெரிகிறது என்றால் உள்ளே ஏதோ வீங்கியிருக்கிறது, வீக்கத்துக்கு ஸ்டீராய்டை மிஞ்சின மருந்து கிடையாது. என் யோசனை இவ்வளவுதான் போனது. மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, மூச்சிழுப்பு, எதுவானாலும் அந்த மாத்திரைக்குக் கேட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். டீச்சருக்கு எழுதியிருந்த அளவு மனப்பாடமாக இருந்தது. கொஞ்சம் குறைத்து, ஒரு நாளைக்கு முப்பது மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம். வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொரு மாத்திரை. பட்டையைக் கிழித்து வெள்ளைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அக்கா கேட்டதற்கு, சத்து மாத்திரை என்றேன்.

முதல் நாலைந்து நாள் மச்சான் உற்சாகமாக இருந்தார். பசி எடுத்தது. உடம்பு இறக்கை கட்டின மாதிரி இருக்கிறது என்றார். தூக்கம் குறைந்தது, ஆனால் அசதி தெரியவில்லை. கண்ணும் தேவலை என்றார். அந்த மாத்திரை முதலில் எல்லாருக்கும் தருகிற தெம்பு அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மருந்து வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் கடைக்கு வந்தவர், அந்த அழுக்கு வட்டம் பெரிதாகிவிட்டது என்றார். பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இடது கண்ணில் தலைப்பு எழுத்துகூட நெளிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், அளவைக் கூட்டினேன். முப்பது நாற்பதானது. வீக்கம் பலமாக இருக்கிறது, மருந்து போதவில்லை என்றேன். என் குரலில் சந்தேகம் இல்லை. எதிரே நின்றவருக்கு அதுவே தைரியமாக இருந்திருக்கும்.

நாலாவது வாரம் அவர் முகம் உருண்டு போயிருந்தது. தெருவில் பார்த்தவர்கள், மாஸ்டர் உடம்பு போட்டுட்டாரு என்றார்கள். அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம் மச்சான் கடையின் உள்பக்கம் வந்து, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து, "வலது கண்ணுலயும் வந்துபோச்சுங்க மாப்ளே" என்றார்.

அப்போதும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் வாயில் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமுங்க என்றேன். அவரை அனுப்பினால், என்ன சாப்பிட்டீர்கள் என்று அங்கே கேட்பார்கள். அதை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்பது அந்த நேரத்தில் எனக்கே சரியாகத் தெரியாது.

அந்த ஒரு வாரத்துக்குள் பட்டறையில் மெரூன் நூல் ஒரு லாட் முழுவதும் தப்பாகப் போனது. பெட்டிக்குள் வைத்துப் பார்த்து மச்சான் சரி என்று சொன்ன நிறம். காய்ந்து வெளியே வந்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற கூலி ஆட்களுக்கே வித்தியாசம் தெரிந்ததாம். முதலாளி மகன் கத்தவில்லை. மாதிரித் துண்டையும் நூலையும் மச்சானின் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறான். இவர் இரண்டையும் மாற்றி மாற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலீங்க" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு பஸ் நம்பர் தெரியாமல் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டு ஏறி வந்தார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையைத் தவிர.

மறுநாள் காலை மூன்று பேரும் கோயம்புத்தூர் பஸ்ஸில் போனோம். அக்கா ஜன்னலோரம், மச்சான் நடுவில், நான் இந்தப் பக்கம்.

கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைப் படிக்கவைத்தார்கள். இடது கண்ணில் மேலே இருந்த பெரிய எழுத்துகளோடு நின்றுவிட்டார். ஒரு மெல்லிய பவர் கண்ணாடியை வைத்ததும் ஒரு வரி கூடப் படித்தார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று பிறகு தெரிந்தது. விழித்திரை முன்னால் தள்ளி வந்திருப்பதால்தான் அந்தக் கண்ணாடி உதவுகிறது. கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அக்கா மகளின் நோட்டில் நான் செய்த அதே சோதனை. சோதனையை மட்டும் சரியாகச் செய்திருக்கிறேன்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிந்த பிறகு டாக்டரம்மா பார்த்தார். ஐம்பதை ஒட்டிய வயது. விளக்குக்குப் பின்னால் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "வேலையில ரொம்ப நெருக்கடிங்களா?" என்று கேட்டார்.

அக்கா, "ஆமாங்க. ஒரு வருசமா" என்றாள்.

"வேற ஏதாவது வியாதிக்கு மருந்து எடுக்கறீங்களா? இழுப்பு, தோல், மூட்டு வலி? மாத்திரை, ஊசி, மூக்குல அடிக்கற மருந்து, பூசற மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றார்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் எனக்காகப் பொய் சொல்கிறார் என்று புரிந்த பிறகும் திறக்கவில்லை. டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கையில் ஊசி போட்டுக் கண்ணைப் படம் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த அறையில் கூட ஒருவர் இருக்கலாம் என்றார்கள். நான் போனேன். நர்ஸ் ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத் தண்ணீர், ஓரத்தில் பச்சையாக ஒளி விட்டது. மச்சான் விரிந்த கண்ணோடு அதையே பார்த்தார்.

"இது புளோரசின் சாயந்தானுங்களே அம்மணி?"

"ஆமாங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நர்ஸ்.

"நம்ம பொழப்பே அதுதானுங்க. ஆனா இதை ஒடம்புக்குள்ள ஏத்துவாங்கன்னு தெரியாது."

முழங்கை மடிப்பில் அதைச் செலுத்தியதும் கேமரா அடுத்தடுத்து மின்னியது. அவருக்குக் குமட்டியது. ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை நான் விடுவிக்கவும் முடியாமல் தாங்கவும் முடியாமல் நின்றேன்.

பிலிம் கழுவி வர மத்தியானம் ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளை. டாக்டரம்மா அதை வெளிச்சப் பலகையில் வைத்து எங்களைக் கிட்டே வரச் சொன்னார். இடது கண்ணில் முதல் படத்தில் ஊசிமுனை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த படத்தில் அது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்ததில் அதிலிருந்து ஒரு வெள்ளை இழை, புகைபோக்கியிலிருந்து புகை எழுவதுபோல் மேலே போய், இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. அந்தக் கண்ணிலேயே அப்படி மூன்று இடம். வலது கண்ணில் ஒன்று.

"கேமராவுல பிலிம் இருக்கற மாதிரி கண்ணுக்குள்ள விழித்திரை இருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். "அதுக்கு அடியில ரத்தக்குழாய்ங்க பாய் விரிச்ச மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு படலம். கீழ இருக்கற தண்ணி மேல வராமத் தடுக்கறதும், வந்ததை வெளிய தள்ளறதும் அதோட வேலை. இவருக்குக் கீழ இருக்கற குழாய்ங்க கசியுது. படலம் அங்கங்க விட்டுக்கொடுத்துடுச்சு. தண்ணி மேல வந்து விழித்திரைக்கு அடியில தேங்கி, கொப்புளம் மாதிரி அதைத் தூக்கி நிறுத்தியிருக்கு. பார்வையோட நட்டநடு எடம். அதனாலதான் கோடு வளையுது, நெறம் மங்குது, பொருளெல்லாம் சின்னதாத் தெரியுது."

"வீக்கங்களா அது?" என்று நான் கேட்டேன்.

"இல்லைங்க. சிவந்து, வலிச்சு, புண்ணாகி வர்ற வீக்கம் இல்ல. வெறும் கசிவு. இந்த வயசு ஆம்பளைங்களுக்கு, ஓயாம ஓடிட்டே இருக்கறவங்களுக்கு அதிகமா வரும். மனசுல நெருக்கடி இருந்தா ஒடம்பே ஒரு சுரப்பைக் கூட்டும், கார்டிசால்னு பேரு. அது கூடினா அந்தக் குழாய்ங்க இன்னும் கசியும், படலம் பலவீனமாகும். எதனாலன்னு முழுசாக் கண்டுபிடிக்கலை. ஆனா இவ்வளவு தெரியும்." படத்திலிருந்து மச்சானின் முகத்துக்குத் திரும்பினார். "பெரும்பாலும் ஒரு கண்ணுல, ஒரு கசிவுதான் இருக்கும். ரெண்டு கண்ணு, நாலு கசிவு, இந்த உருண்ட மூஞ்சி. நான் மறுபடியும் கேக்கறேன். ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாருங்களா?"

"நான் கொடுத்தேனுங்க" என்றேன்.

சொன்ன பிறகு எல்லாம் தானாக வந்தது. மருந்தின் பெயர், முப்பது, நாற்பது, எத்தனை நாள். வீக்கம் என்று நினைத்தேன் என்றேன். டீச்சரின் சீட்டைப் பற்றிக்கூடச் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. எழுதி முடித்துவிட்டுப் பேசினார்.

"அந்த டீச்சருக்கு வந்தது வேற. அதுக்கு அந்த மருந்து சரி. இவருக்கு ஏற்கெனவே ஒடம்புல அதே ஜாதிச் சுரப்பு கூடித்தான் இது வந்திருக்கு. அது மேல நீங்க அதையே வெளியில இருந்து ஊத்தியிருக்கீங்க. அந்த மாத்திரை வத்தவைக்கறதுக்கு இதுல வீக்கமே இல்லைங்க. கசிவுதான் கூடும்."

"நான் ஒண்ணுமே கொடுக்காம இருந்திருந்தா?"

அதைக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

"முக்காவாசிப் பேருக்கு மேல மூணு நாலு மாசத்துல தானா வத்திடும். ஓய்வு எடுத்துக்கிட்டு சும்மா இருந்தாப் போதும்."

அக்கா அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிடலாமா என்று மச்சான் கேட்டார். கூடாது என்றார் டாக்டரம்மா. ஐந்து வாரம் வெளியிலிருந்து வந்ததால் உடம்பின் சொந்தச் சுரப்பி சோம்பிக் கிடக்கும், திடீரென்று நிறுத்தினால் ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். வாரத்துக்கு வாரம் குறைத்து, ஒரு மாதத்தில் நிறுத்த வேண்டும். எந்த வாரம் எத்தனை என்று எழுதினார். அதுவரைக்கும் அந்த விஷம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது ஊசியில் ஏறிய சாயத்தால் மச்சானின் தோல் மஞ்சளாக இருந்தது. ஒரு நாளில் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையைச் சீட்டில் சாய்த்து, தூங்கிவிட்டார். பெருந்துறையில் இறங்கி வீடு வரை நடந்தோம். அவர் உள்ளே போய்ப் படுத்த பிறகு அக்கா வாசற்படியில் நின்று கேட்டாள்.

"எத்தனை நாளு குடுத்தே?"

"முப்பத்தாறு நாளுங்கக்கா."

"முப்பத்தாறு நாளும் நாந்தான் சொம்புல தண்ணி மோந்து குடுத்தேன். சத்து மாத்திரைன்னு. ஒரு நாளு மறந்துட்டாருன்னு பின்னாடியே ஓடிப் போய்க் குடுத்தேன்."

உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் என்னை உள்ளே வா என்றும் கூப்பிடவில்லை.

டாக்டரம்மா எழுதிய சீட்டை அவள் என் கடைக்குக் கொண்டுவரவில்லை. எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மெடிக்கல் ஷாப் இருந்தது. ஒரு வாரத்துக்கான மாத்திரையை அங்கே எண்ணி வாங்கினாள். என் கல்லாவிலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும். பிறகு தலைவலி மாத்திரை, மகளுக்குக் காய்ச்சல் மருந்து, எல்லாம் அங்கேதான். என் கடையைத் தாண்டித்தான் ரோட்டைக் கடக்க வேண்டும். தலையைத் திருப்பாமல் கடப்பாள். பக்கத்து டீக்கடைக்காரர் ஒருநாள் என்னிடம் கேட்டே விட்டார், அக்காளுக்கும் தம்பிக்கும் என்ன தகராறு என்று.

மாத்திரை நின்று ஒரு மாதத்தில் வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் இரண்டு கசிவு அடைபட்டது, ஒன்று அடைபடவில்லை. நாலு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு, கசிகிற இடம் நட்டநடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருப்பதால் லேசரில் சுட்டு அடைக்கலாம் என்றார்கள். நான் கூடப் போனேன், மச்சான் கூப்பிட்டதால். இரண்டு நிமிட வேலை. அடுத்த சில வாரங்களில் தண்ணீர் வற்றியது. எழுத்துப் பலகையில் கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்தார். நல்லாயிருக்குது என்று டாக்டரம்மா சொன்னார். அது உண்மைதான்.

ஆனால் நீண்ட நாள் தண்ணீரில் ஊறிய இடம் பழையபடி ஆகவில்லை. அந்தக் கண்ணில் நிறம் வெளுப்பாகவே நின்றுவிட்டது. கோடு லேசாக வளைந்தது. பேப்பர் படிக்கலாம், ரோட்டைக் கடக்கலாம், பஸ் நம்பர் தெரியும். பட்டறையில் அவரை மறுபடியும் விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலாளி மகன்கூட, வலது கண்ணு நல்லாத்தானே இருக்குது மாஸ்டர் என்றானாம். இவர்தான் முடியாது என்றிருக்கிறார். இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சொல்கின்றன, எதை நம்புவது என்று தெரியவில்லை, இன்னொரு லாட்டைக் கெடுக்கமாட்டேன் என்று. ஸ்டோரில் போட்டார்கள். சாய டிரம்கள் வருகின்றன, போகின்றன, மூடியில் ஒட்டியிருக்கும் நம்பரை நோட்டில் எழுத வேண்டும். டிரம்மைத் திறக்க வேண்டிய வேலை இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கொடுப்பதை நிறுத்தினேன். இழுப்புக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். "இத்தனை வருசம் குடுத்தீங்களே தம்பி, இப்ப என்ன வந்துது" என்று ஒரு பெரியவர் மூச்சு வாங்க நின்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன். அவர் ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு, அவள் அழுததால், இரண்டு மாத்திரை கொடுத்தும் விட்டேன். திருந்திவிட்டேன் என்று எழுத வரவில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தப் பட்டறை மூடப்பட்டது. ஒரு நாள் காலையில் போனவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மச்சானுக்கு அப்போது மகளைக் கல்லூரியில் சேர்க்கிற சமயம். இதையும் நான் கடைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போய்ப் பார்த்தேன். அக்கா டம்ளரில் காபி கொடுத்தாள், பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள். மச்சான் சாதாரணமாகப் பேசினார். கண்ணைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

அதற்கும் ஆறு மாதம் கழித்து அன்னூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் மச்சானுக்குப் பக்கத்து இலை எனக்குக் கிடைத்தது. சாப்பிட்டுக்கொண்டே, யாரைப் பற்றியோ பேசுவதுபோல் சொன்னார்.

"நடுவுல இடது கண்ணுல மறுபடியும் வந்துதுங்க மாப்ளே. பட்டறை மூடின மாசம்."

"யார்கிட்டக் காட்டினீங்க?"

"அதே டாக்டரம்மாகிட்டத்தான். நானே பஸ் ஏறிப் போயிட்டு வந்தேன். உங்க அக்காளுக்கும் தெரியாது. பயப்படுவா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே மச்சான்."

அவர் மோரை ஊற்றச் சொல்லிக் கையைக் குவித்தார். ஊற்றியவர் நகர்ந்ததும், "சொல்லி என்ன பண்றதுங்க. சும்மா இருந்தாப் போதும்னு அந்தம்மா சொன்னாங்கல்லோ. சும்மா இருந்தேன். நாலு மாசத்துல போயிருச்சு" என்றார்.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அவருக்குக் குத்திப் பேச வராது. மோரைக் குடித்துவிட்டு, இலையை மடித்து, கை கழுவ எழுந்து போனார். நான் அந்த வரிசை முழுவதும் எழுந்து போன பிறகும், இலையை எடுக்க வந்தவர் கேட்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.